9 மதிப்பெண்ணில் நழுவிய இடம்: விடைத்தாளை வைத்து முடிவெடுத்தோம்

மஞ்சக்குப்பம் அக்கா: தம்பிக்கு நீட்டில் 479. எங்கள் வகுப்புப் பிரிவில் கடைசியாக அரசு இடம் வாங்கியவரைவிட 9 குறைவு. இன்னொரு வருடம் படிக்கிறேன் என்கிறான். 176 கேள்விக்கு விடையளித்ததில் 131 சரி, 45 தப்பு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வில்லியனூர்: 45 மதிப்பெண் மைனஸிலேயே போயிருக்கிறதே! தெரியாததைத் தொடாமல் விட்டிருந்தால் இடம் உறுதி. அடுத்த முறை அதை மட்டும் சரிசெய்தால் போதும்.

லாஸ்பேட்டை, இரண்டாம் முறை எழுதிச் சேர்ந்தவன்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். 45-ம் குருட்டு விடை இல்லையே அக்கா. வினாத்தாள் வீட்டில் இருக்கும், ஓஎம்ஆர் நகலும் இணையத்தில் வரும். இரண்டையும் வைத்துக்கொண்டு, எதெதை ஊகித்துப் போட்டான் என்று தம்பியையே குறிக்கச் சொல்லுங்கள். ஊகத்தில் சரியானதையும் விடாமல் எண்ணுங்கள்.

பண்ருட்டி அம்மா: என் மகள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கால்நடை மருத்துவத்துக்கு விண்ணப்பித்தாள். தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் அதற்கு நீட் வேண்டாம். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று கட் ஆஃப் போடுவார்கள். பக்கத்து வீட்டுப் பையன் நீட் முடிவு வரட்டும் என்று காத்திருந்தான், அதற்குள் விண்ணப்பத் தேதி போய்விட்டது.

மஞ்சக்குப்பம் அக்கா: நேற்று ராத்திரி உட்கார்ந்து எண்ணினோம். ஊகம் 34. அதில் 6 சரி, 28 தப்பு. 24 வந்து 28 போயிருக்கிறது.

லாஸ்பேட்டை: அப்போ ஊகித்ததால் இழந்தது வெறும் 4. எல்லாவற்றையும் விட்டிருந்தாலும் 483-தான், இடம் வந்திருக்காது. அந்த 34-ல் எந்தப் பாடம் அதிகம்?

மஞ்சக்குப்பம் அக்கா: இயற்பியல் 21.

லாஸ்பேட்டை: இயற்பியலில் மொத்தமே 45 கேள்வி. பாதிக்குக் கிட்ட தெரியாமல் போட்டிருக்கிறான். அப்படியென்றால் இன்னொரு வருடத்துக்கு அர்த்தம் உண்டு, ஆனால் இயற்பியலை அடியிலிருந்து படித்தால்தான். எனக்கு முதல் வருடம் பயிற்சி மையத்தில் தெரிந்த உயிரியலையே திரும்ப நடத்தினார்கள், அது வீண். இன்னொன்று, 9 மதிப்பெண் கூடினால் போதும் என்று கணக்கு வைக்காதீர்கள். 2024-ல் 720-க்கு 720 எடுத்தவர்களே 17 பேர், 2025-ல் முதலிடமே 686. மதிப்பெண்ணை விட்டுவிட்டுத் தரவரிசையைப் பாருங்கள்.

வில்லியனூர்: புதுச்சேரியின் சென்டாக் கலந்தாய்வுக்கும் விண்ணப்பம் போட்டுப் பார்க்கலாமே, கடலூர் பக்கம்தானே?

பண்ருட்டி அம்மா: பக்கம் என்பதற்காக ஆகாது தம்பி. அங்கே இருப்பிடச் சான்றிதழ் கேட்பார்கள். இரண்டு பக்கமும் உரிமை கோர முடியாது.

மஞ்சக்குப்பம் அக்கா: கால்நடைக்கு இந்த வருடம் தேதி முடிந்துவிட்டது. இயற்பியலுக்கு மட்டும் மஞ்சக்குப்பத்திலேயே ஓர் ஆசிரியரிடம் பேசியிருக்கிறோம். அப்பா மட்டும் அதுவரை பி.எஸ்சி.யில் சேரட்டும் என்கிறார். கல்லூரிக்கும் போய் இயற்பியலையும் அடியிலிருந்து படிக்க முடியுமா? அப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.