கலைச்சொல்: வரியெண்ணை விட்டுக் குறியை மட்டும் எடுப்பதற்கு என்ன பெயர்?

ம.: திரைப்பிடிப்பில் இருக்கும் டிஃப்பை எழுத்தாக எடுக்கும்போது இடது ஓரத்து வரியெண்கள் போகவேண்டும், கூட்டல் கழித்தல் குறிகள் இருக்கவேண்டும். இதற்கு ‘ஓர நீக்கம்’ என்று வைக்கலாமா?

செ.: வேண்டாம். பல காட்சிக் கருவிகளில் குறியும் அந்த ஓரத்திலேயேதான் நிற்கிறது, ஆக ‘ஓர நீக்கம்’ என்று படிப்பவர் இரண்டையும் சேர்த்து வெட்டிவிடுவார். எண் என்பது கருவி நமக்காகப் போட்டுக் காட்டுவது, குறியோ பேட்ச்சின் உள்ளடக்கம், அது போனால் எது நீங்கியது எது சேர்ந்தது என்றே தெரியாது. என் பரிந்துரை ‘வரியெண் களைதல்’.

ப.: எனக்கு இந்தச் சிக்கலே வரவில்லையே! வலைப்பக்கத்தில் தேர்ந்தெடுத்து நகலெடுத்தால் எண்கள் ஒட்டுவதில்லை.

செ.: அது `user-select: none` போட்டிருப்பதால், அங்கே எண்ணைத் தேர்வு செய்யவே விடமாட்டார்கள். படத்தில் எல்லாமே வெறும் புள்ளிகள்தான், எண் எது குறி எது என்று நாம்தான் பிரிக்கவேண்டும்.

ம.: எழுத்தாக மாற்றிய பிறகு `sed -E 's/^[ 0-9]+//'` ஓட்டினால் போதுமே, எண் போய்விடும், குறி அப்படியே நிற்கும்.

செ.: பாதி சரி. குறி உள்ள வரிகளில் அது ஒழுங்காக வேலை செய்யும். மாறாத வரிகளில்தான் வினை, இதைப் பாருங்கள்:

```
41 41  def total(items):
42    -    return sum(items)
   42 +    return sum(items, 10)
```

முதல் வரியில் இரண்டு எண்களுக்குப் பிறகு ஏழாவது இடத்தில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, கூட்டல் கழித்தல் போல அதுவும் ஒரு குறிதான், ‘இந்த வரி மாறவில்லை’ என்று பொருள். உங்கள் கட்டளை அதையும் விழுங்கிவிடும். உள்தள்ளல் உள்ள வரியாக இருந்தால் அந்த இடைவெளியும் போய்விடும், பைத்தானில் அது சும்மா இல்லை. அப்புறம் `git apply` கொடுத்தால் `corrupt patch at line` என்று நின்றுவிடும். இங்கே `cut -c7-` சரியாக வரும், ஆனால் படத்திலிருந்து வந்த எழுத்தில் இடைவெளிகள் குறையாமல் வந்திருந்தால் மட்டும்.

ம.: சரி, புரிகிறது. கழித்தல் குறி சில சமயம் நீள்கோடாக (–) வந்துவிடுகிறதே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

செ.: சும்மா பார்த்தால் தெரியாது, வரியெண்களைக் களைந்த பிறகு `grep '^–'` போட்டுப் பாருங்கள். குறியே விழுந்துபோன இடங்களுக்குப் படத்தின் நிறம்தான் சாட்சி, சிவப்புப் பட்டைக்குள் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் கழித்தல் வந்திருக்கிறதா என்று ஒப்பிடவேண்டும்.

ப.: ‘களைதல்’ எனக்குப் பிடித்திருக்கிறது, வேண்டாததை மட்டும் பிடுங்குவது என்ற பொருள் அதிலேயே வந்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தை என்னவென்று சொல்வது?

செ.: ‘வெற்றுக்குறி’ என்று நினைத்தேன்.

ம.: குறியே இல்லை என்றுதான் முதலில் படிப்பார்கள். ‘மாறாக்குறி’ என்றால்?

செ.: அதுவும் இழுக்கிறது. ‘வரியெண் களைதல்’ மட்டும் இப்போதைக்குப் பட்டியலில் ஏறட்டும்.