கரண்ட் வந்ததும் கடைக் கணினி தானாக எழ வேண்டும்: பயாஸ் போதுமா, வேக் ஆன் லேன் வேண்டுமா?

பெயிண்ட் கடை, தென்காசி:
கடையில் பில் போடும் கணினியில்தான் எல்லா டேட்டாவும் இருக்கிறது. இரவு வீட்டிலிருந்து அதில் நுழைந்து ஸ்டாக் பார்ப்பேன். ராத்திரி கரண்ட் போய் வந்தால் அது அணைந்தே கிடக்கிறது, காலையில் நான் போய் பட்டனை அழுத்தினால்தான் உண்டு. பயாஸில் ஏதோ ஒரு செட்டிங் மாற்றினால் தானாக எழும் என்கிறார்கள். அது போதுமா, இல்லை நெட்வொர்க் வழியாகப் பாக்கெட் அனுப்பி எழுப்பும் வேக் ஆன் லேன் வேண்டுமா? யுபிஎஸ் இருக்கிறது. யுஎஸ்பி வயர் மாட்டி, பேட்டரி குறைந்தால் விண்டோஸே ஷட்டவுன் ஆகும்படி வைத்திருக்கிறேன்.

மருந்துக் கடை, திருச்சி:
பயாஸ் போதும் சார். `Restore AC Power Loss` என்று இருக்கும், சில போர்டில் `AC Back` என்று இருக்கும். அதில் `Last State` வையுங்கள். ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனால் திரும்ப ஓடும், நீங்களே அணைத்துவிட்டுப் போயிருந்தால் அணைந்தே இருக்கும். எங்கள் கடையில் இரண்டு வருஷமாக அப்படித்தான், ஒரு நாளும் பிரச்சினை இல்லை.

வலைக்கம்பி:
உங்கள் கடையில் யுபிஎஸ் இல்லை அல்லது யுஎஸ்பி வயர் இல்லை, அதனால்தான் அது வேலை செய்கிறது. அண்ணனிடம் அது வேலை செய்யாது. பேட்டரி குறைந்ததும் விண்டோஸ் முறைப்படி ஷட்டவுன் ஆகிறது. போர்டைப் பொறுத்தவரை கடைசி நிலை 'அணைக்கப்பட்டது' என்பதுதான், யார் அணைத்தார்கள் என்று அதற்குத் தெரியாது. ஆகவே கரண்ட் வந்தாலும் `Last State` அதை அணைத்தே வைக்கும். `Power On` என்றுதான் வைக்க வேண்டும்.

ஆனால் அதை வைத்தாலும் முழுதாகத் தீராது. ஒரு ராத்திரியை எடுத்துக்கொள்ளுங்கள். 10:10-க்குக் கரண்ட் போகிறது. 10:22-க்குப் பேட்டரி குறைந்து விண்டோஸ் அணைகிறது. கணினியை அணைப்பதோடு விண்டோஸின் வேலை முடிந்தது, யுபிஎஸ்ஸைப் பார்த்து 'நீயும் அணைந்துகொள்' என்று அது சொல்வதில்லை. அணைந்த கணினி இழுப்பது சில வாட்தான், மிச்சப் பேட்டரியில் யுபிஎஸ் இன்னும் வெகுநேரம் தாக்குப்பிடிக்கும். 10:30-க்குக் கரண்ட் வந்துவிடுகிறது. இதில் போர்டுக்கு மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. நிற்கவே இல்லை என்றால் அது எதைப் பார்த்து எழும்? `Power On` வைத்தும் எழவில்லை, போர்டு சரியில்லை என்று மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். போர்டில் குறையே இல்லை.

சர்வீஸ், மதுரை:
நான் `Power On` வைப்பதற்கே எதிர்ப்பு. இருபது வருஷமாகக் கடை கடையாகப் போய்ப் பார்க்கிறேன். கரண்ட் ஒரே தடவையில் வந்து நிற்பதில்லை. வரும், ஒரு நிமிஷத்தில் போகும், மறுபடி வரும், அந்த முதல் சில நிமிஷம் வோல்டேஜும் தாறுமாறாக இருக்கும். அந்த நேரத்தில் கணினி எழுந்து, விண்டோஸ் பாதி ஏறியபோது மறுபடி போனால் என்ன ஆகும்? யுபிஎஸ் பேட்டரியும் காலியாக இருக்குமே, அது காப்பாற்றாது. இப்படிப் போன எஸ்எம்பிஎஸ்ஸும் ஹார்ட் டிஸ்க்கும் என்னிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. பயாஸில் `Resume By Alarm` என்று இருக்கும், காலை 8:45-க்கு வையுங்கள், கடை திறக்கும்போது கணினி தயாராக இருக்கும். ராத்திரி பூட்டிய கடைக்குள் ஆளில்லாமல் ஒரு பொருள் தானாக எழுவது நல்லதில்லை.

பெயிண்ட் கடை, தென்காசி:
எனக்கு ராத்திரிதான் சார் வேண்டும். பகலில் கடையில்தானே இருக்கிறேன்.

வலைக்கம்பி:
மதுரை அண்ணன் சொல்கிற ஆபத்து உண்மை, அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் அலாரமும் முழு வழியில்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்துகிறார்களே, அதையே ஒரு நாள் 8:30-க்குத் தொடங்கினால், 8:45-க்குக் கணினி யுபிஎஸ் பேட்டரியில் எழுந்தாலும் சிறிது நேரத்தில் மறுபடி அணைந்துவிடும். கரண்ட் வந்த பிறகு அந்த அலாரம் திரும்ப அடிக்காது, மறுநாள்தான்.

யாழ் நெட்கபே:
2022-இல் எங்களுக்கு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. எங்கட கடையில் 12 மெஷின், எல்லாவற்றிலும் `Power On` போட்டிருந்தேன். கரண்ட் வந்ததும் 12-உம் ஒரே கணத்தில் எழும்பி மெயின் பிரேக்கர் விழும். பிறகு எல்லாவற்றையும் `Power Off` ஆக்கிவிட்டு, ஒன்றை மட்டும் கையால் போட்டு, அதிலிருந்து மற்றவற்றை வேக் ஆன் லேனால் அரை நிமிட இடைவெளியில் எழுப்ப நினைத்தேன். நீண்ட கரண்ட் கட்டுக்குப் பிறகு பாதி மெஷின் எழும்பவில்லை. வேக் ஆன் லேனை நம்ப ஏலாது எண்டுதான் நான் சொல்லுவேன்.

வலைக்கம்பி:
அண்ணை, நீங்கள் பார்த்ததுதான் இந்த விஷயத்தின் மையம். கணினி அணையும்போது நெட்வொர்க் கார்டைப் பாதித் தூக்கத்தில் விட்டு 'பாக்கெட் வந்தால் எழுப்பு' என்று சொல்லி வைப்பது பெரும்பாலும் விண்டோஸின் டிரைவர். கரண்ட் முழுசாகப் போனால் கார்டு அதை மறந்துவிடுகிறது. பல போர்டுகளில் ஒரு முறை விண்டோஸ் ஏறி முறையாக அணைந்தால்தான் மறுபடி அது காது கொடுக்கும். சில போர்டில் பயாஸே அந்த வேலையைச் செய்துவிடும், உங்களுடையதில் எழுந்த பாதி அந்த வகையாக இருக்கும்.

இப்போது தென்காசி அண்ணனின் இரண்டு ராத்திரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யுபிஎஸ்ஸும் செத்து, போர்டுக்குக் கரண்ட் நின்று போனால், வேக் ஆன் லேன் சந்தேகம், ஆனால் `Power On` வேலை செய்யும். யுபிஎஸ் சாகாமல் விண்டோஸ் மட்டும் அணைந்தால், `Power On` வேலை செய்யாது, ஆனால் கார்டு விழித்திருக்கும், வேக் ஆன் லேன் வேலை செய்யும். ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடிக்கிறது. இதுவா அதுவா என்று தேர்வு செய்ய வேண்டியதில்லை, இரண்டும் வேண்டும்.

மருந்துக் கடை, திருச்சி:
சரி, `Last State` தவறு என்று ஒப்புக்கொள்கிறேன். வேக் ஆன் லேனுக்கு ரவுட்டரில் யுடிபி 9-ஐக் கடைக் கணினியின் ஐபிக்குத் திருப்பிவிட்டால் வீட்டிலிருந்தே எழுப்பலாம். நான் சோதித்தேன். அணைத்து இரண்டு நிமிஷம் கழித்து வீட்டிலிருந்து அனுப்பச் சொன்னேன், எழுந்தது.

வலைக்கம்பி:
இரண்டு மணி நேரம் கழித்து அனுப்பிப் பாருங்கள். அந்த ஐபி எந்த நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி என்று ரவுட்டர் சிறிது நேரம்தான் நினைவில் வைத்திருக்கும். அணைந்த கணினி 'நான்தான்' என்று பதில் சொல்லாது, நினைவு அழிந்ததும் பாக்கெட்டை யாருக்குக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. சோதனையில் எழும், தேவைப்படும் நாளில் எழாது. அதோடு பல இணைப்புகளில் நமக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது, வெளியிலிருந்து ரவுட்டர் வரைகூட வர முடியாது. எழுப்பும் ஆள் கடைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நான் ஒரு கடையில் செய்து வைத்தது இது. பழைய ராஸ்பெர்ரி பை 3 என்ற குட்டிக் கணினி ஒன்று. அதற்குப் பவர் பட்டனே கிடையாது, கரண்ட் வந்தால் எழும். அதை யுபிஎஸ்ஸில் மாட்டாமல் வேண்டுமென்றே சுவர் பிளக்கில் மாட்டினேன், ரவுட்டரிலிருந்து லேன் வயர். `sudo apt install wakeonlan` போட்டுவிட்டு, `crontab -e`-யில் ஒரே வரி:

```
@reboot sleep 180 && wakeonlan 00:11:22:33:44:55
```

அந்த முகவரிக்குப் பதில் கடைக் கணினியின் மேக் முகவரி. கரண்ட் வந்ததும் பை எழுந்து மூன்று நிமிஷம் பொறுத்திருந்து பாக்கெட்டை அனுப்பும். இடையில் கரண்ட் போனால் பையும் போய்விடும், அடுத்து வரும்போது மறுபடி பூஜ்யத்திலிருந்து மூன்று நிமிஷம். மதுரை அண்ணன் சொன்ன வந்து போகும் கரண்டுக்கு இதுவே காவல். கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பாக்கெட்டால் ஒரு கெடுதலும் இல்லை.

சர்வீஸ், மதுரை:
இந்தப் பொறுத்திருக்கும் யோசனை நன்றாக இருக்கிறது தம்பி. ஆனால் இரண்டு கேள்வி. சுவர் பிளக்கில் நேராக மாட்டிய பை, கரண்ட் போய்ப் போய் வந்தால் அதன் எஸ்டி கார்டு எத்தனை நாள் தாங்கும்? அப்புறம், யுபிஎஸ்ஸும் செத்துப்போன ராத்திரியில் `Power On` மூன்று நிமிஷம் பொறுக்காதே, உடனே எழுமே. நான் சொன்ன ஆபத்து அந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது.

வலைக்கம்பி:
எஸ்டி கார்டுக்கு `raspi-config`-இல் `Overlay File System` போட்டுவிடுங்கள், கார்டில் எழுதவே எழுதாது. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் மலிவான பதில் இல்லை. சில யுபிஎஸ்களில் பேட்டரி இவ்வளவு ஏறிய பிறகே அவுட்புட் கொடு என்று வைக்கலாம், அது இருந்தால் வையுங்கள். இல்லாத யுபிஎஸ் என்றால் அண்ணன் சொல்வது சரி, அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும்.

தென்காசி அண்ணன், முதலில் இதைப் பாருங்கள். கணினியை ஷட்டவுன் செய்துவிட்டுப் பின்பக்கம் லேன் வயர் மாட்டிய இடத்தில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை என்றால் பயாஸில் `ErP` ஆன் ஆகியிருக்கும், சில கணினியில் `Deep Sleep` என்று இருக்கும். அதை `Disabled` ஆக்குங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் எடுத்துவிடுங்கள், அட்மின் விண்டோவில் `powercfg /h off` போதும். `Power On` சோதிக்கும்போது ஸ்விட்ச்சைச் சட்டென்று அணைத்துப் போட்டால் போர்டுக்குக் கரண்ட் போனதே தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கி அரை நிமிஷமாவது விட்டு மாட்டுங்கள்.

மருந்துக் கடை, திருச்சி:
இன்னொன்று. எங்கள் கிளையில் ஒரு கணினி கரண்ட் வந்ததும் ஃபேன் ஓடும், ஆனால் நெட்வொர்க்கில் வராது. போய் மானிட்டரைப் போட்டால் `Press F1 to Run SETUP` என்று நின்றுகொண்டிருந்தது, தேதியும் பழைய தேதி. போர்டில் இருக்கும் சிஆர்2032 செல் போய்விட்டது. செல் போனால் பயாஸ் செட்டிங்கும் போகும். மாற்றியதும் சரியாகிவிட்டது.

பெயிண்ட் கடை, தென்காசி:
இரண்டு நாள் ஆயிற்று, செய்து பார்த்தேன். விளக்கு எரியவில்லை, `ErP` ஆன் ஆகித்தான் இருந்தது. எடுத்த பிறகு எரிகிறது. `Power On` வைத்துப் பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், எழுந்தது. பை இன்னும் வாங்கவில்லை, என் போனில் ஒரு செயலியைப் போட்டு கடை வைஃபையிலிருந்து அனுப்பினேன், அதற்கும் எழுந்தது. நேற்று ராத்திரி கடை வாசலிலேயே நின்று மெயினை இறக்கி, விண்டோஸ் தானாக அணையும் வரை காத்திருந்து, மெயினைப் போட்டேன். தம்பி சொன்ன மாதிரி அப்படியே அணைந்து கிடந்தது. போனிலிருந்து அனுப்பியதும் எழுந்தது.

யுபிஎஸ்ஸில் பேட்டரி ஏறிய பிறகு அவுட்புட் கொடுக்கும் வசதி இல்லை. அந்த ஒரு ராத்திரிக்காக `Power On` வைப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

சர்வீஸ், மதுரை:
வைக்காதீர்கள். யுபிஎஸ்ஸே சாகிற அளவு நீளமான கட் உங்கள் ஊரில் வருஷத்துக்கு எத்தனை தடவை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், அந்தச் சில நாளுக்கு நேரில் போய் அழுத்தலாம்.

வலைக்கம்பி:
நான் வைப்பேன். தினமும் டேட்டா பேக்கப் வெளியே ஒரு டிஸ்க்கில் விழுகிறதா, அதைச் சொல்லுங்கள் அண்ணா. விழுகிறது என்றால் வையுங்கள், இல்லை என்றால் அது விழும் வரை மதுரை அண்ணன் சொல்வதைக் கேளுங்கள்.