செமாண்டிக் கேஷ்: கடைசி பஸ் கேட்டால் முதல் பஸ் நேரம் போகிறது

ஆரப்பாளையத்தான்: வணக்கம். மதுரையிலிருந்து கிளம்பும் பஸ் நேரங்களைச் சொல்லும் வாட்ஸ்அப் பாட் ஒன்றை நடத்துகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் மொழி மாடலைக் கூப்பிட்டால் கட்டுபடியாகவில்லை. அதனால் கேள்வியை எம்பெடிங்காக, அதாவது அதன் பொருளைக் குறிக்கும் எண் வரிசையாக மாற்றி, பழைய கேள்வி ஏதாவது ஒன்றுடன் ஒற்றுமை 0.90-ஐத் தாண்டினால் சேமித்த பதிலையே அனுப்பும் செமாண்டிக் கேஷ் வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி தேனிக்குக் கடைசி பஸ் கேட்டவருக்கு விடிகாலை நேரம் போயிருக்கிறது. அந்தக் கேள்வியையும், முதல் பஸ்ஸையே வேறு விதமாகக் கேட்ட இன்னொரு கேள்வியையும், சேமித்திருந்த "தேனிக்கு முதல் பஸ் எப்போது?" என்பதோடு ஒப்பிட்டேன்:

```
தேனிக்கு கடைசி பஸ் எப்போது?         0.94  HIT
காலைல தேனி போக ஃபர்ஸ்ட் வண்டி எத்தனை மணி?  0.85  MISS
```

செல்லூர்க்காரர்: வரம்பை 0.96-க்கு ஏத்துங்க தம்பி, சரியாயிரும்.

கூடல் அக்கா: தப்பான ஹிட் நிற்கும், அதுவரைக்கும் சரி. ஆனால் உண்மையிலேயே ஒரே கேள்வியாக இருப்பவையும் மிஸ் ஆகும், கேஷ் வைத்ததற்கே பலன் இருக்காது. தம்பி, தப்பானது 0.94, சரியானது 0.85. இந்த இரண்டையும் பிரிக்கும் வரம்பு எதுவும் கிடையாது. முதலும் கடைசியும் ஒரே மாதிரி வாக்கியங்களில் வரும் சொற்கள். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்தால் எம்பெடிங்கில் அந்த ஒரு சொல் அமுங்கிப்போகும். ஊர்ப் பெயரும், "தேனிக்கு", "தேனியிலிருந்து" என்ற திசையும்கூட அப்படித்தான்.

பதிலை மாற்றக்கூடிய விஷயங்களைத் தனியாக எடுத்து, அவை அப்படியே பொருந்த வேண்டும் என்று வையுங்கள்:

```
key = (from, to, first_or_last, date)
```

இந்த நான்கும் ஒன்றாக இருக்கும் பதிவுகளுக்குள் மட்டும் ஒற்றுமையைப் பாருங்கள். அங்கே வரம்பை 0.80 வரை இறக்கிச் சோதிக்கலாம், இரண்டாவது வரியும் ஹிட் ஆகும். போகும் ஊர் பிடிபடவில்லை என்றால் கேஷைத் தொடாமல் மாடலுக்கே அனுப்பிவிடுங்கள். "இன்னைக்கு" என்று கேட்டால் அதைத் தேதியாக மாற்றிய பிறகுதான் சேமிக்க வேண்டும்.

சுங்குடிக்கடை: எங்க கடை பாட்லயும் இதே பிரச்சினைதான். சேலை விலையை மாத்தின பிறகும் பழைய விலையே சொல்லுது. நானும் இந்த கீ வைக்கணுமா?

கூடல் அக்கா: உங்களுடையது வேறு அண்ணே. அங்கே கேள்வி சரியாகத்தான் பொருந்துகிறது, பதில்தான் பழசாகிவிட்டது. ஒவ்வொரு பதிலோடும் அது எந்தச் சேலைக்கானது என்று குறித்து வையுங்கள். விலை மாறும்போது அந்தச் சேலையின் பதில்களை மட்டும் அழித்தால் போதும்.

செல்லூர்க்காரர்: ஊரு, திசை, தேதி எல்லாம் கையில வந்துட்டா கால அட்டவணையையே நேரா பார்த்துரலாமே? அப்புறம் கேஷ் எதுக்கு?

கூடல் அக்கா: நியாயமான கேள்வி. நேரம் கேட்பவர்களுக்கு அதுதான் நல்லது. தேனி வண்டி எந்த ஸ்டாண்டில் நிற்கும், லக்கேஜுக்குத் தனிக் காசா என்ற மாதிரிக் கேள்விகளுக்குக் கேஷ் இருக்கட்டும்.

ஆரப்பாளையத்தான்: கீ வைத்துப் பார்த்தேன் அக்கா, முதல், கடைசிக் குழப்பம் நின்றுவிட்டது. ஆனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பவர்களுக்கு ஊர்ப் பெயரே பிடிபடுவதில்லை. பெரியகுளத்தையே ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். அவையெல்லாம் மாடலுக்குத்தான் போகின்றன.

கூடல் அக்கா: ஊர்ப் பட்டியலோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, மிக நெருங்கியதை எடுத்துப் பாருங்கள். திருமங்கலமும் திருமங்கலக்குடியும் மாதிரிப் பெயர்களில் இடறும். அதற்கு என்னிடமும் நல்ல வழி இல்லை.