சேர் சாப்பிட்டு முடிக்க முன்னம் என் கோப்பை காலி

குளக்கட்டு:
போன சிறுபோகத்தில் முத்தையன்கட்டுப் பக்கம் வயல் பார்க்கப் போனோம், நானும் எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மூத்த உத்தியோகத்தரும். வேலைக்கு வந்து எனக்கு அது நாலாவது மாதம். மதியம் ஒரு கமக்காரர் வீட்டில் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, ஜப்பான் மீன் குழம்பு, முருங்கையிலை வறை, சொதி.

நான் வேகமாகச் சாப்பிடுகிறவன். 2009இல் செட்டிகுளம் முகாமில் பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை. பத்து நிமிடத்தில் என் கோப்பை காலி. சேர் அப்போதுதான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். நான் எழும்பிக் கை கழுவிவிட்டு வந்தேன். பார்த்தால், பாதிச் சோறு கோப்பையில் கிடக்க அவரும் எழும்பிவிட்டார். "மீன் சரியில்லையோ ஐயா?" என்று கேட்ட வீட்டு அம்மாவின் முகம் வாடிப்போயிருந்தது. ஒட்டுசுட்டான் வரும்வரை சேர் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? அடுத்த முறை நான் என்ன செய்ய வேண்டும்?

மாங்குளத்தான்:
மூத்தவர் கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும், நாமாகக் கதை தொடங்கக்கூடாது. அப்பா சொல்லித் தந்தது இது. எட்டு வருடமாக அப்படியே நடக்கிறேன், ஒரு பிழையும் வரவில்லை. பேசாமல் இருந்தால் சாப்பாடும் தானாக மெதுவாகும்.

பழைய போதனாசிரியர்:
மாங்குளத்தான் தம்பி சொல்வது கந்தோர் மேசைக்குச் சரி. கமக்காரர் வீட்டில் இரண்டு உத்தியோகத்தர்கள் வாய் திறக்காமல் சாப்பிட்டால், கறியில் ஏதோ குறை என்றுதான் வீட்டுக்காரர் நினைப்பார். பேச வேண்டும். எப்போது என்பதுதான் விஷயம்.

குளக்கட்டு, சேருடைய கையைப் பாரும். விரல்கள் சோற்றைக் குழைக்கும்போது கேட்கலாம். கவளம் வாய்க்குப் போகும் நேரம் கேட்டால் அவர் அவசரமாக விழுங்கித்தான் பதில் சொல்ல வேண்டிவரும். முள் எடுக்கும்போது ஒன்றுமே கேட்கக்கூடாது. அதோடு, கேள்வி சின்னதாக இருக்கட்டும். "இது ஏரி 362 நெல்தானே, சேர்?" என்றால் "ஓம்" என்றுவிட்டு அவர் சாப்பிடுவார். உரம் ஏன் பிந்துகிறது என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார், கை காய்ந்துபோகும், நீர் அதற்குள் முடித்துவிடுவீர். அந்தக் கதையைப் பிளேன்ரீக்கு வைத்துக்கொள்ளும்.

எங்கள் பக்கத்தில் சொதி கடைசியாகத்தானே வரும். அவர் சொதி கேட்டால் முடிக்கப் போகிறார் என்று அர்த்தம். அப்போது உம்முடைய கோப்பையில் நாலு கவளமாவது இருக்க வேண்டும். அதனால் முதலில் போடும்போதே பாதிதான் வாங்க வேண்டும். மறுசோறு வரும்போது மிச்சத்தை வாங்கினால் வீட்டுக்காரருக்கும் சந்தோசம். அப்படியும் முந்திவிட்டீர் என்றால் எழும்பாதையும். ஒரு அகப்பைச் சோறு வாங்கிச் சொதியை விட்டு அளைந்துகொண்டிரும்.

செல்லப்பிள்ளை:
எங்கள் ஊரில் கலியாண வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடிப்பார்கள், செத்த வீட்டில் மற்றப் பக்கம். அதைக் கவனித்தால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

குளக்கட்டு:
அண்ணை, நாங்கள் கோப்பையில்தான் சாப்பிட்டோம்.

வன்னிமகள்:
என் கதை மறுபக்கம். எங்கள் மிஸ்ஸுக்குச் சீனி வருத்தம். சாப்பாட்டுக்கு முன்னம் ஊசி போடுவா. ஒருநாள் ஊசியைப் போட்டுவிட்டு, நான் வரட்டும், சேர்ந்து சாப்பிடுவோம் என்று பார்சலைத் திறக்காமல் இருந்திருக்கிறா. எனக்கு ஆட்கள் வந்து அரை மணித்தியாலம் பிந்திவிட்டது. போய்ப் பார்த்தால் மிஸ்ஸுக்கு முகமெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது. சீனி கரைத்துக் கொடுத்த பிறகுதான் சரியானா. மரியாதைக்குக் காத்திருந்தது அவ, பயந்து அழுதது நான். இப்போது பிந்தும் என்று தெரிந்தால் போனில் சொல்லிவிடுவேன்: "மிஸ், நீங்கள் தொடங்குங்கோ." அப்புறம் நான் வந்து பக்கத்தில் இருந்து என் பாட்டுக்குச் சாப்பிடுவேன். அதனால், குளக்கட்டு, உங்கள் சேருக்கு வருத்தம் ஏதும் இருக்கிறதா என்று முதலில் அறிந்துவையுங்கள். பாதியில் எழும்பியது உங்களால்தானா என்றே எனக்குச் சந்தேகம்.

மாங்குளத்தான்:
அது வேறு, இது வேறு. வருத்தக்காரருக்கு விதிவிலக்கு உண்டு. நான் சொன்னது சொன்னதுதான்.

குளக்கட்டு:
நேற்று திரும்பவும் போனோம், வவுனிக்குளம் பக்கம். பாதிச் சோறுதான் வாங்கினேன். வாய் பழக்கத்தில் ஓடப் பார்த்தது. சேரின் விரலைப் பார்த்துப் பார்த்துக் கவளம் எடுத்தேன். இடையில் ஒரு கேள்விதான் கேட்டேன், வாய்க்கால் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று. "நாலு" என்றார். மறுசோறு வாங்கினேன். கடைசியில் அவரே சொதிக் கிண்ணத்தை இடக்கையால் என் பக்கம் தள்ளி, "விட்டுச் சாப்பிடும், அவசரமில்லை" என்றார். அன்றைக்கு ஏன் எழும்பினார் என்று இன்னும் கேட்கவில்லை.