புதுப்பிப்பு: பக்கம் விடுபட்ட ஃபிளாட் அக்ரிமெண்ட்

அன்று நான் இங்கே கேட்டது: "பில்டர் அனுப்பிய நகலில் 9-ஆம் பக்கத்துக்கு அப்புறம் நேராக 14 வருகிறது. கையெழுத்துப் போடலாமா?"

போடவில்லை. எல்லா இணைப்புகளோடும் முழு நகல் வேண்டும் என்று மெயிலில் கேட்டேன். "ஸ்கேன் பண்ணும்போது விட்டுப்போச்சு சார்" என்று மூன்றாம் நாள் அனுப்பினார்கள். விஷயமே 11-ஆம் பக்கத்தில்தான்: நான் விலகினால் கட்டிய பணத்தில் 20 சதவீதம் பிடித்தம். அவர்கள் தாமதித்தால்? ஒரு வரிகூட இல்லை.

"ரிஜிஸ்டர் ஆபீசில் பார்த்துக்கொள்வார்கள்" என்று பதில் எழுதிய அண்ணனுக்கு: அங்கே முத்திரைத்தாள், அடையாளம் எல்லாம் பார்ப்பார்கள்; ஷரத்து நமக்குச் சாதகமா என்று பார்ப்பதில்லை.

வக்கீல் அக்கா சொன்னபடி ஷரத்து எண்களை விரல் வைத்துச் சரிபார்த்தேன். 15-ஆம் ஷரத்தில் "அட்டவணை இ-யின்படி" என்று இருக்கிறது. அந்த அட்டவணை இன்னும் வரவில்லை, கையெழுத்தும் நிற்கிறது.