நிறக்குறைபாட்டுப் பாவனை: ஒரே வரைபடத்துக்கு இரண்டு கருவிகள் இரண்டு விடை தருவது ஏன்?

கயல்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும் முன், அதிலுள்ள கோட்டு வரைபடங்கள் சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கும் புரிகின்றனவா என்று பார்க்க விரும்புகிறேன். இரண்டு கோடுகளும் மேட்பிளாட்லிப் தரும் வழக்கமான பச்சையிலும் (`#2ca02c`) சிவப்பிலும் (`#d62728`) உள்ளன. மச்சாடோ குழுவினர் 2009-இல் வெளியிட்ட டியூட்டரனோப்பியா அணியை எடுத்து இப்படி எழுதினேன்:

```python
M = np.array([[0.367322, 0.860646, -0.227968],
              [0.280085, 0.672501, 0.047413],
              [-0.011820, 0.042940, 0.968881]])
img = plt.imread("chart.png")[..., :3]
out = np.clip(img @ M.T, 0, 1)
```

இதில் ஒரு கோடு அடர் பழுப்பாகவும் மற்றது வெளிர் பழுப்பாகவும் வருவதால் வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. ஆனால் அதே படத்தைக் குரோமில் திறந்து, `Rendering` பகுதியிலுள்ள `Emulate vision deficiencies` வழியாகப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறமாகிவிடுகின்றன. எதை நம்புவது?

மருதன்:
இதற்கு இவ்வளவு சிரமம் தேவையில்லை. படத்தைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். அதில் பிரிந்து தெரிந்தால் எல்லாருக்கும் தெரியும்.

இளவேனில்:
எனக்கும் இதே சிக்கல்தான். கிம்பில் `View > Display Filters` சென்று வடிகட்டியைப் போட்டால் திரையில் நிறம் மாறுகிறது. ஆனால் ஏற்றுமதி செய்த கோப்பில் பழைய நிறமே இருக்கிறது.

வண்ணக்கோல்:
இளவேனில், உங்களுடையது வேறு சிக்கல். அந்த வடிகட்டி திரைக்காட்சியை மட்டுமே மாற்றும், படத்தைத் தொடாது. ஆகவே திரைப்பிடிப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

கயல், உலாவி காட்டுவதை நம்புங்கள். உங்கள் அணியில் பிழையில்லை, அதைப் பெருக்கிய இடம்தான் தவறு. பிஎன்ஜி கோப்பில் இருக்கும் எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை, அவை காமா வளைவில் அடைக்கப்பட்டவை. அணியோ ஒளியின் அளவோடு பெருக்கப்பட வேண்டியது. எனவே முதலில் வளைவை நீக்கி, பெருக்கி, மறுபடியும் வளைவைச் சேர்க்க வேண்டும்:

```python
lin = np.where(img <= 0.04045, img/12.92,
               ((img + 0.055)/1.055)**2.4)
out = np.clip(lin @ M.T, 0, 1)
out = np.where(out <= 0.0031308, out*12.92,
               1.055*out**(1/2.4) - 0.055)
```

உங்கள் முறையில் சிவப்பு (103, 88, 38) என்றும் பச்சை (144, 122, 49) என்றும் ஆகின்றன. சரியான முறையில் சிவப்பு சுமார் (139, 124, 31), பச்சை சுமார் (150, 136, 56). இரண்டுமே ஆலிவ் நிறம்தான். நீங்கள் கண்ட வெளிச்ச வேறுபாட்டின் பெரும்பகுதியை அந்தக் கணக்கே உண்டாக்கியிருக்கிறது. இந்தப் பிழை படத்தைக் கெடுத்துக் காட்டாது, நம்பும்படியான படத்தையே தரும் என்பதால் எளிதில் கண்ணில் படுவதில்லை. அணியின் வரிசைகள் ஒவ்வொன்றும் 1-க்குக் கூடுவதால் சாம்பல் எப்படியும் சாம்பலாகவே வரும். ஆகவே சாம்பல் கட்டத்தை வைத்துச் சோதித்தாலும் இது பிடிபடாது. மேலே தந்த இரு நிறங்களைக் கொண்டு சோதியுங்கள்.

மருதன் சொன்னது பாதி சரி. ஆனால் புரோட்டனோப்பியா உள்ளவருக்குச் சிவப்பு மிகவும் இருண்டு தெரியும், கறுப்பு-வெள்ளைப் படம் அதைக் காட்டாது. அவர்களுக்கான அணியில் இதே பச்சை சுமார் (164, 145, 25), சிவப்பு சுமார் (97, 87, 37). அதாவது இந்த இரு கோடுகளும் அவர்களுக்குப் பிரிந்தே தெரியும். டியூட்டரனோப்பியா உள்ளவருக்குத்தான் குழம்பும். ஒன்றை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்தக் கூடாது என்பதற்கு உங்கள் படமே சாட்சி.

மருதன்:
இரண்டு நிறமும் ஒன்றாகிவிடுமா என்பது மட்டும்தான் கேள்வி என்று நினைத்தேன். ஆனாலும் அலுவலக நகலெடுப்பானில் படியெடுக்கப்படும் அறிக்கைக்கு என் சோதனையும் வேண்டும் என்பேன்.

பொன்னி:
எனக்குப் பச்சை உணர்வு குறைவு. பாவனைப் படத்தில் தேறிய வரைபடங்களிலும் நான் தடுமாறுவதுண்டு, ஏனெனில் தடித்த பட்டையில் பிரித்தறியும் நிறத்தை மெல்லிய கோட்டில் என்னால் பிரித்தறிய முடிவதில்லை. அதைவிடத் தொல்லை, மூலையிலிருக்கும் குறிவிளக்கப் பெட்டிக்கும் கோட்டுக்கும் இடையே கண்ணை ஓட்டிக்கொண்டே இருப்பது. கோட்டின் முடிவிலேயே பெயரை எழுதிவிட்டால் நிறத்தை நான் பார்க்கவே தேவையில்லை.

கயல்:
திருத்திய நிரலின் விடை இப்போது குரோமின் காட்சியோடு ஒத்துப்போகிறது. நிறங்களை ஒகாபே-இட்டோ தொகுப்பிலிருந்து `#0072B2`, `#D55E00` என மாற்றி, பெயர்களைக் கோட்டின் முனையிலேயே எழுதிவிட்டேன். ஆனால் இன்னொரு பக்கத்தில், சிவப்பிலிருந்து மஞ்சள் வழியாகப் பச்சைக்குப் போகும் மாவட்ட நிலப்படம் ஒன்று உள்ளது. மேலிடம் அந்த நிறங்களை மாற்றவே கூடாது என்கிறது. ஓரத்து நிறங்களின் வெளிச்சத்தை மட்டும் கூட்டிக் குறைத்தால் போதுமா?

வண்ணக்கோல்:
இரண்டு ஓரங்களை மட்டும் பிரிக்க அது போதும். சிவப்பை நன்றாக இருட்டாக்கி, பச்சையை வெளிச்சமாகவே விட்டுப் பாருங்கள். நடுவிலுள்ள படிகள் பிரியுமா என்பதைப் படத்தைப் பார்க்காமல் சொல்ல இயலாது. எத்தனை படிகள் வைத்திருக்கிறீர்கள்?