கால்டுவெல்லுக்கு எந்த ஆண்டு? மறுபதிப்பு நூலை மேற்கோள் காட்டிய அனுபவங்கள்

ஆய்வு மாணவி, தமிழ்த்துறை:
அனைவருக்கும் வணக்கம். ஆய்வேட்டில் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணத்தைப் பல இடங்களில் மேற்கோள் காட்ட வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது 1974-இல் புது டெல்லியில் ஓரியண்டல் புக்ஸ் ரீபிரின்ட் கார்ப்பரேஷன் போட்ட மறுபதிப்பு. எங்கள் துறையில் அடிக்குறிப்பு கிடையாது, வரிக்குள்ளேயே ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் முறைதான். (கால்டுவெல் 1974) என்று போட்டால், 1891-இல் மறைந்தவர் 1974-இல் எழுதியதுபோல் நிற்கிறது. (கால்டுவெல் 1856) என்று போட்டால், நான் தரும் பக்க எண்ணை வைத்து 1856 நூலில் யாராலும் எதையும் தேட முடியாது. இரண்டு ஆண்டையும் சேர்த்துப் போடலாம் என்கிறார்கள். இப்படிப் போட்ட அனுபவம் உள்ளவர்கள் எப்படிச் செய்தீர்கள் என்று சொன்னால் நன்றாக இருக்கும்.

விரிவுரையாளர், ஆங்கிலத்துறை:
இதில் குழம்ப ஒன்றுமில்லை அம்மா. ஏபிஏ முறையில் வரிக்குள் நடுவே சாய்கோடு போட்டு, மூல ஆண்டை முன்னாலும் மறுபதிப்பு ஆண்டைப் பின்னாலும் எழுத வேண்டும். நான் பிராய்டின் கனவு நூலை (பிராய்ட், 1900/1953) என்றுதான் காட்டினேன், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் வரும் நூற்பட்டியலில் ஆசிரியர் பெயருக்குப் பக்கத்தில் கையில் உள்ள பிரதியின் ஆண்டு மட்டும் வரும். பதிவின் முடிவில் 'மூல நூல் வெளியீடு 1900' என்று அடைப்புக்குறிக்குள் எழுதி, அதற்குப் பிறகு முற்றுப்புள்ளி வைக்காமல் விட வேண்டும். அந்தக் கணக்கில் உங்களுக்கு (கால்டுவெல், 1856/1974). அவ்வளவுதான்.

ஆய்விதழ் ஒன்றில் படி திருத்துபவர்:
சார் சொன்ன வடிவம் சரி. சாய்கோடு, முடிவில் வரும் குறிப்பு, முற்றுப்புள்ளி இல்லாதது எல்லாமே சரிதான். ஆனால் 1856 என்ற எண் இந்த நூலுக்குப் பொருந்தாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எங்களுக்கு வரும் கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல் இது.

ஒப்பிலக்கணம் முதலில் வந்தது 1856-இல். கால்டுவெல்லே திருத்தி விரித்த இரண்டாம் பதிப்பு 1875-இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 1913-இல் வந்தது, அதாவது அவர் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு. அதைத் திருத்திப் பதிப்பித்தவர்கள் ஜே. எல். வயட்டும் தி. இராமகிருஷ்ண பிள்ளையும். உங்கள் கையில் இருக்கும் 1974 பிரதி அந்த மூன்றாம் பதிப்பின் மறுபதிப்பு. அதற்கும் 1856 நூலுக்கும் நடுவே இரண்டு திருத்தங்கள் நடந்திருக்கின்றன. (1856/1974) என்று எழுதினால், 1856-இல் அச்சான அதே வாசகத்தை 1974 பிரதியில் படித்தேன் என்று சொல்வதாகத்தான் ஆகும். அது உண்மை இல்லை.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு ஓர் அனுபவம். பறையர்கள் திராவிடர்களா என்று கால்டுவெல் ஆராய்ந்த பின்னிணைப்பைப் பற்றி எங்களுக்கு ஒரு கட்டுரை வந்தது. மேற்கோள் (கால்டுவெல் 1856/1974) என்று இருந்தது, பக்க எண் இல்லை. பக்க எண் கேட்டு எழுதினேன். கட்டுரையாளர் தன் 1974 பிரதியை முழுக்கப் புரட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பகுதியே அதில் இல்லை என்று பதில் போட்டார். 1875 பதிப்பில் இருக்கும் அந்தப் பின்னிணைப்பை 1913 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். தோடர்களைப் பற்றிய பின்னிணைப்பும் அப்படியே போயிற்று. அவர் படித்ததென்னவோ வேறொருவர் அனுப்பிய 1875 பதிப்பின் ஸ்கேன். அலமாரியில் இருந்த பிரதியின் ஆண்டைத்தான் மேற்கோளில் போட்டிருக்கிறார். கடைசியில் அந்த மேற்கோளை (கால்டுவெல் 1875) என்று மாற்றி, ஸ்கேனில் உள்ள பக்க எண்ணைத் தந்தோம். எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தோம் என்பது இந்த நூலைப் பொறுத்தவரை சாதிய ஆய்வுக்கே முக்கியமான கேள்வி. நீக்கப்பட்டது எது என்பதை அந்த ஆண்டுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே உங்கள் பிரதிக்குச் சிகாகோ முறையில் வரிக்குள் (கால்டுவெல் [1913] 1974, 45) என்று வரும். இதில் 45 என்பது பக்க எண். நூற்பட்டியலில் பெயருக்குப் பிறகு (1913) 1974 என்று போட்டு, நூல் பெயர், '3ஆம் பதிப்பு', திருத்தியவர்கள் பெயர், பழைய பதிப்பகம், அப்புறம் 'மறுபதிப்பு, புது டெல்லி' என்று டெல்லிப் பதிப்பகத்தின் பெயர். வரிக்குள் ஏற்கெனவே வளைந்த அடைப்புக்குறி இருப்பதால் பழைய ஆண்டுக்குச் சதுர அடைப்புக்குறி. பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை, வளைந்ததே போதும். ஏபிஏ என்றால் (கால்டுவெல், 1913/1974, ப. 45).

விலங்கியல் ஆசிரியர், கல்லூரி:
டார்வினுக்கும் இதே கதைதான். மலிவுப் பதிப்பாகக் கிடைக்கும் 'உயிரினங்களின் தோற்றம்' பிரதிகளில் பல, 1872-இல் வந்த ஆறாம் பதிப்பின் மறுஅச்சு. மாணவர்கள் அதிலிருந்து 'தக்கன பிழைத்தல்' என்ற தொடரை எடுத்து (டார்வின், 1859/2004) என்ற மாதிரி எழுதிக்கொண்டு வருவார்கள். அந்தத் தொடர் 1859 நூலில் கிடையாது. ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் எழுதியதை, டார்வின் 1869-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டார். மாணவர் போட்ட ஆண்டு ஸ்பென்சரின் சொல்லை அவருக்கு முன்பே டார்வின் எழுதியதாக ஆக்கிவிடுகிறது. கையில் எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்க நான் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு. தொடக்கத்தில் 'வரலாற்றுக் குறிப்பு' என்ற பகுதி இருந்தால் அது பெரும்பாலும் 1859 பதிப்பின் வாசகமாக இருக்காது. முதல் பதிப்பில் அந்தப் பகுதி வரவில்லை.

பகுதிநேர ஆய்வாளர், வணிகவியல்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் நெறியாளர் கடைசிப் பத்து ஆண்டுகளில் வந்த நூல்கள்தான் வேண்டும் என்கிறார். நான் பயன்படுத்தும் ஒரு பழைய நூலுக்கு 2019-இல் மறுபதிப்பு வந்திருக்கிறது. அப்படியானால் 2019 என்று மட்டும் போட்டால் போதும்தானே? பழைய ஆண்டைச் சேர்த்துப் போட வேண்டும் என்று கட்டாயமா?

ஆய்விதழ் ஒன்றில் படி திருத்துபவர்:
அது வேறு கேள்வி தோழர். 2019 என்று மட்டும் போட்டால், அந்தப் பழைய தரவெல்லாம் 2019 நிலவரம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். நூல் உண்மையிலேயே திருத்தப்பட்டு 2019-இல் புதிய பதிப்பாக வந்திருந்தால் 2019 போதும், பதிப்பு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பழைய பக்கங்களையே திரும்ப அச்சிட்டிருந்தால் இரண்டு ஆண்டும் வேண்டும். பத்தாண்டு விதியைப் பற்றி நெறியாளரிடம் நேரடியாகப் பேசுங்கள். ஆண்டை வைத்து அதைச் சரிக்கட்ட வேண்டாம்.

நூலகர், மாவட்ட மைய நூலகம்:
தமிழ் நூல்களில் இதைவிடச் சிரமம் உண்டு. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் 'முதற்பதிப்பு: டிசம்பர் 2010' என்று இருக்கும். அது அந்தப் பதிப்பகம் முதன்முதலில் போட்ட ஆண்டு. நூல் அதற்கு அறுபது ஆண்டு முன்பே வேறு பதிப்பகத்தில் வந்திருக்கலாம். நாட்டுடைமையான எழுத்தாளர்களின் நூல்களில் இதை நிறையவே பார்க்கலாம், ஏனென்றால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், ஒவ்வொருவரும் தங்கள் 'முதற்பதிப்பை'ப் போட்டுக்கொள்வார்கள். இன்னொரு பக்கம் 'பதினான்காம் பதிப்பு' என்று போட்டிருக்கும். திறந்து பார்த்தால் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது, பதினான்காவது முறை அச்சானது மட்டுமே. அதை மேற்கோளில் 14ஆம் பதிப்பு என்று எழுதினால், பதின்மூன்று முறை திருத்தியதாகப் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

நான் வாசகர்களுக்குச் சொல்வது, முன்னுரைகளைப் படியுங்கள் என்பதுதான். பழைய முன்னுரையை அப்படியே வைத்திருந்தால் அதன் அடியில் ஊரும் தேதியும் இருக்கும். சில பழைய நூல்களில் பிரமாதி, விக்கிரம என்று தமிழ் ஆண்டு இருக்கும். 60 ஆண்டுக்கு ஒரு முறை அதே பெயர் வருவதால், ஆசிரியரின் காலத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் 31-ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு கேள்வி வருகிறது. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' ஆனந்த விகடனில் 1940 முதல் 1942 வரை தொடராக வந்தது. நூலாக வந்தது 1950-இல், அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. இன்றைய மறுபதிப்பை வைத்து எழுதுபவர் முன்னால் 1950 போடுவதா, 1940 போடுவதா? எங்கள் நூலகத்துக்கு வரும் ஆய்வேடுகளில் இரண்டும் இருக்கின்றன.

ஆய்விதழ் ஒன்றில் படி திருத்துபவர்:
நான் 1950 போடச் சொல்வேன் ஐயா. மறுபதிப்புகள் பின்பற்றுவது நூலின் வாசகத்தை. தொடரைப் பற்றியே பேசினால் விகடன் இதழைத் தனியாகக் காட்டலாம்.

விரிவுரையாளர், ஆங்கிலத்துறை:
இதில் எனக்கு உடன்பாடில்லை. 1950 என்று பார்க்கும் மாணவர் உ.வே.சா. 1950-இல் எழுதினார் என்று நினைத்துக்கொள்வார். கால்டுவெல்லுக்கும் அப்படித்தான். 1913 என்பது யாருடைய ஆண்டு? கால்டுவெல்லின் கருத்து 1856-இலேயே வந்துவிட்டது என்பதுதான் வரலாற்றுக்கு முக்கியம். எங்கள் பல்கலைக்கழகத்தில் நூல் முதன்முதலில் வெளிவந்த ஆண்டைத்தான் கேட்பார்கள்.

ஆய்விதழ் ஒன்றில் படி திருத்துபவர்:
1856 முக்கியம் என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லை சார். அதை வாக்கியத்திலேயே எழுதிவிடலாம்: "1856-இல் முதலில் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில்..." என்று தொடங்கி, முடிவில் ([1913] 1974, 45) என்று போட்டால் இரண்டு செய்தியும் கிடைத்துவிடும். ஆனால் 'கால்டுவெல் 1856-இலேயே இப்படிச் சொன்னார்' என்று வாதிடப் போகிறீர்கள் என்றால், 1974 பிரதியை வைத்து அதைச் சொல்ல முடியாது. 1856 நூலைத் திறந்து அந்த வரி அங்கே இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மென்பொருள் துறையிலிருந்து ஆய்வுக்கு வந்தவர்:
மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் தயாரிக்க Zotero மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. பழைய ஆண்டுக்கென்று அதில் தனிக் கட்டம் இல்லை. Date கட்டத்தில் 1974 என்று போட்டுவிட்டு, கீழே உள்ள Extra கட்டத்தில் இந்த வரியைத் தனியாக எழுதுங்கள்:

```
original-date: 1913
```

ஏபிஏ பாணியைத் தேர்ந்தெடுத்தால் சாய்கோட்டுடன் இரண்டு ஆண்டும் தானாக வரும். Date கட்டத்திலேயே 1913/1974 என்று கையால் எழுதுபவர்கள் உண்டு, அதை மென்பொருள் வேறு மாதிரி புரிந்துகொண்டு ஆண்டைக் குழப்பும். பதிப்பு எண்ணுக்கு Edition கட்டத்தில் 3 என்று போடுங்கள்.

ஆய்வு மாணவி, தமிழ்த்துறை:
எல்லோருக்கும் நன்றி. பிரதியைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் பதிப்பு என்றுதான் இருக்கிறது, வயட் பெயரும் இராமகிருஷ்ண பிள்ளை பெயரும் தலைப்புப் பக்கத்திலேயே உள்ளன. வேற்றுமை உருபு பற்றிய மேற்கோள்களுக்கு [1913] 1974 என்று வைத்துக்கொள்கிறேன். முன்னுரைப் பகுதியிலிருந்து எடுத்த இரண்டு மேற்கோள்களில் 'முதன்முதலில் கால்டுவெல்தான் சொன்னார்' என்று எழுதியிருக்கிறேன். அவற்றுக்கு 1856 பதிப்பின் ஸ்கேனைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஆண்டு போடப் போகிறேன். 'என் சரித்திரம்' எனக்கும் ஒரு இயலில் வருகிறது. அதற்கு 1940-ஆ 1950-ஆ என்று நெறியாளரிடம் கேட்க வேண்டும், அவர் விரிவுரையாளர் ஐயா பக்கம்தான் நிற்பார் என்று தோன்றுகிறது.